சட்டையில் ஒட்டிய புகை

என் மகள் தவழத் தொடங்கிய வருஷம் அவளுக்கு ஓயாத இழுப்பு. அதற்குக் காரணம் நான்தான் என்று ராசிபுரத்துச் சொந்தபந்தம் முழுவதும் முடிவு கட்டியிருந்தது. தலைக்குக் குளித்துவிட்டுப் பால் கொடுத்தேனாம், மோர் குடித்தேனாம். முன்னறையில் உட்கார்ந்து மாமனார் ஊதித் தள்ளிய பீடியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டுக்கொண்டுதான் பிடிப்பார். பிடித்து முடித்த கையோடு பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். அவள் அவர் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் மூச்சு இழுக்க இழுக்க அவளுடைய விலா உள்ளே ஒடுங்கியது. சேலத்துக்குக் குழந்தை மருத்துவரிடம் ஓடினோம். நெபுலைசர் வைத்து மூச்சு சீரானதும், வீட்டில் யார் புகை பிடிக்கிறார்கள் என்று அவர் கேட்டார். மாமியார் என் மோர்க் கதையை ஆரம்பித்தார். மருத்துவர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். அப்பா வீட்டில் பிடிப்பார், தான் காரில் மட்டும், அதுவும் குழந்தை இல்லாதபோது கண்ணாடியை இறக்கிவிட்டு என்றார் என் கணவர்.

ஜன்னலும் ஃபேனும் காப்பாற்றாது என்றார் மருத்துவர். புகை கலைந்த பிறகும் அதன் நஞ்சு சட்டையிலும் திரையிலும் கார் சீட்டிலும் படிந்து கிடக்கும். தரையில் தவழ்ந்து, கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் குழந்தைக்கு அது நேராக உள்ளே போகும். அடியோடு விடுவதுதான் நல்லது. விடும்வரை வீட்டிலும் காரிலும் பிடிக்கவே கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் திரை, படுக்கை விரிப்பு, கார் சீட்டு உறை எல்லாவற்றையும் துவைத்தேன். சுவரையும் தரையையும் சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்தேன். துடைத்த துணி பழுப்பாக வந்தது. இந்தப் புகைக்கறையின் நடுவில்தான் என்னைக் குற்றவாளியாக நிறுத்தி வைத்திருந்தார்கள். பிடிப்பவர்கள் வாசலைத் தாண்டித் தள்ளிப் போய்ப் பிடிக்க வேண்டும், கைகால் முகம் கழுவிச் சட்டை மாற்றாமல் குழந்தையைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

"எம்பட ஊட்டுல எனக்கே சட்டமா அம்மணி? எம் புள்ளைகளெல்லாம் இந்தப் பொகையிலதான் வளந்தாங்க" என்றார் மாமனார்.

"வளந்தாங்க மாமா. இவளுக்கு மூச்சு உட முடியலீங்க."

"அவ சொல்றது செரிதானுங்கப்பா. நானும் உட்டர்றேன்" என்றார் என் கணவர்.

அவருக்கு உடனே விட முடியவில்லை. அரசு மருத்துவமனையில் ஆலோசனைக்குப் போய், இரண்டு முறை விட்டும் மறுபடி தொட்டு, அப்புறம்தான் விட்டார். மாமனார் கொஞ்ச நாள் கோபத்தில் பேத்தியைத் தொடவே இல்லை. பிறகு தெருமுனைக்குப் போய்ப் பிடித்துவிட்டு, குளித்து வேறு சட்டையோடு வந்து அவளைத் தூக்கக் கை நீட்டினார். காரில் மட்டும் எத்தனை துடைத்தும் அந்த வாடை முழுதாகப் போகவில்லை. அதில் அவளை ஏற்றுவதை நிறுத்தினோம்.

இழுப்பு குறைந்தது. பனிக்காலத்தில் எப்போதாவது வரும். ஆனால் என்மேல் போட்ட பழியை இன்றுவரை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. "பல்லு மொளச்சதும் தன்னால செரியாயிருச்சுங்க" என்று விசாரிக்க வருகிறவர்களிடம் என் எதிரிலேயே சொல்கிறார் மாமியார்.