ரெண்டு பேருக்கு சாம்பார்

நம்புகிறவர்கள் நம்பட்டும். பேய்க்குப் பயந்தவன் இல்லை நான். அன்றைக்குப் பட்டப்பகல் வேறு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெளிநாட்டில் படிக்கிறேன். தனி அறை. பத்து நாளாகப் பாட்டி போனில் பேசவில்லை. கேட்டால் அம்மா, "தூங்குறாங்கடா, நீ பரீட்சையைப் பாரு" என்பார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிறு மதியம் 12:04க்குப் பாட்டிக்கே எழுதினேன்.

"பாட்டி, உங்க சாம்பார் வைக்கணும். ஒரு ஆளுக்கு. கண்ணளவு கதையெல்லாம் வேணாம், கிராம் கணக்கு சொல்லுங்க."

பாட்டி எப்போதும் குரலில்தான் பதில் அனுப்புவார். அன்று எழுத்தில் வந்தது. 12:05.

"ரெண்டு பேருக்குச் சொல்றேன். துவரம்பருப்பு நூறு கிராம். முந்நூறு மில்லி தண்ணி, கால் ஸ்பூன் மஞ்சத்தூள், ரெண்டு சொட்டு எண்ணெய். குக்கர்ல நாலு விசில். புளி பன்னெண்டு கிராம், சுடுதண்ணில ஊறப்போடு."

உப்பையே 'கைக்குத் தெரியும்' என்று போடுகிற பாட்டி, பன்னிரண்டு கிராம் என்கிறார். சிரிப்பு வந்தது. ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று நிம்மதி. எல்லாவற்றையும் எடை போட்டுச் செய்தேன்.

12:31. "அடுப்பைக் குறை. விசில் பக்கம் மஞ்சத்தண்ணி வழியுது."

திரும்பினேன். வழிந்துகொண்டிருந்தது. நான் படம் எதுவும் அனுப்பவில்லை.

"புளியைப் பருப்போட வேகவைக்காதே, பருப்பு மசியாது. ஒரு காரட்டை நறுக்கித் தனியா முக்கால் வேக்காடு வேகவை. புளியைக் கரைச்சு ஊத்து. சாம்பார்பொடி ரெண்டு ஸ்பூன், உப்பு ஒன்னேகால். பச்சை வாசனை போனப்புறம் பருப்பைக் கடைஞ்சு சேரு."

12:52. "உங்களுக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டேன்.

ஒற்றை டிக்.

மேலே தள்ளிப் பார்த்தேன். என் முதல் செய்திக்கும் ஒற்றை டிக். எதுவுமே போய்ச் சேரவில்லை...

பதில் வந்தது. "கடுகு வெடிக்கட்டும். அப்புறம் வெந்தயம் கால் ஸ்பூன், கருக விடாதே. வரமிளகாய், பெருங்காயம்."

பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. மரத்துப்போயிருந்தேன். கை தானாகத் தாளித்தது.

படபட... படபட...

1:10. "ரெண்டு தட்டுல சோறு போட்டு ஊத்தி வை."

வைத்தேன். வெளியே வந்து, கதவருகே நின்று அம்மாவை அழைத்தேன். எடுக்கவில்லை. நாலு நிமிஷம்.

உள்ளே போனேன்.

என் தட்டு அப்படியே இருந்தது.

மற்றது வழித்துக் காலியாகி இருந்தது...

செவ்வாய்க்கிழமை பரீட்சை முடிந்தது. அம்மாவே அழைத்தார்.

"பாட்டி போயி பன்னெண்டு நாள் ஆச்சுடா. சொன்னா பரீட்சை கெட்டுடும்னு மறைச்சுட்டோம்."

எனக்கு அழுகை வரவில்லை.

"அவங்க போன்?"

"அன்னிக்கே ஆஃப் பண்ணி பீரோவுல வச்சுட்டேன். ஏன்டா?"

"கடைசியா எதாவது கேட்டாங்களாம்மா?"



"சாம்பார் சாதம், ஒரு வாய். டாக்டர் வாய்வழியா எதுவும் கூடாதுன்னுட்டார். நாங்க குடுக்கல."