எட்டுப் பக்கக் கூண்டும் என் கட்டை விரலும்

கல்யாணமான பிறகு வந்த முதல் கார்த்திகை தீபத்துக்கு மச்சானும் அவர் மனைவியும் வேலூரிலிருந்து வருவதாக இருந்தது. எங்கள் வாடகை வீட்டு மொட்டை மாடியிலிருந்து மலை உச்சி நன்றாகத் தெரியும். அது போதாதென்று, எட்டுப் பக்கம் கொண்ட அட்டை விளக்குக் கூண்டு ஒன்றை என் கையாலேயே செய்து மாடியில் தொங்கவிடப் போவதாக அவரிடம் போனில் சொல்லிவிட்டேன். அவர் அப்படி எதுவும் செய்யச் சொல்லிக் கேட்கவில்லை. பெண்ணைக் கொடுத்தவர் கொஞ்சம் அசரட்டுமே என்று தோன்றியது, அவ்வளவுதான்.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என் மனைவிக்குத் தேரடி வீதிப் பக்கம் ஓர் அச்சகத்தில் வேலை. கம்ப்யூட்டரில் எடுத்த தாள்களைக் கத்தியால் துண்டு துண்டாக வெட்டி, பெரிய தாளில் ஒட்டிப் பக்கம் அமைப்பாள். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஊர்க் கல்யாணப் பத்திரிகையும் அன்னதான நோட்டீசும் அப்படித்தான் உருவாயின. ஒரு நாளைக்கு நூறு தடவையாவது கத்தி பிடிக்கிறவளை வீட்டில் வைத்துக்கொண்டு, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் வேலையில் இறங்கினேன். கணக்கு வாத்தியாருக்கு நேர்கோடு போட ஆள் வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்ன?

தீபத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். ஞாயிற்றுக்கிழமை. திருவிழா நோட்டீஸ் வேலை குவிந்திருந்ததால் அவள் அச்சகத்துக்குப் போய்விட்டாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு கூடத்து மொசைக் தரையில் செய்தித்தாளை விரித்தேன். அதன் மேல் வெள்ளை அட்டை. கையில் புது கட்டர், பள்ளியிலிருந்து கொண்டுவந்த மர ஸ்கேல். திட்டம் சுலபமானது. ஒவ்வொரு பக்கமும் பத்து சென்டிமீட்டர் அகலம், இருபத்தைந்து உயரம். அட்டையில் எட்டும் ஒரே நீளமாக வராது என்பதால் நாலு நாலாக இரண்டு பட்டை. ஒவ்வொரு பட்டையின் ஓரத்திலும் ஒட்டுவதற்கு ஒரு சென்டிமீட்டர் கூடுதல். ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று டைமண்ட் ஜன்னல். மேலே மூட எட்டு மூலை வட்டு. வட்டின் அளவை √2 போட்டுக் கணக்கிட்டு, விடையின் கீழ் இரண்டு கோடும் இழுத்தேன்.

மொசைக் தரையில் உரசிய முதல் வெட்டிலேயே கட்டரின் நுனி மழுங்கிவிட்டது. அது எனக்குத் தெரியவில்லை. அட்டை வெட்டுப்படவில்லையே என்று அழுத்தினேன். பிறகும் வெட்டுப்படவில்லை, இன்னும் அழுத்தினேன். பிளேடு எட்டட்டும் என்று பாதி நீளத்துக்கு வெளியே தள்ளி வைத்திருந்தேன். அது எலிவால் மாதிரி ஆடியது. செய்தித்தாள் ஒரு பக்கம் வழுக்க, அட்டை இன்னொரு பக்கம் வழுக்கியது. மூன்றாவது ஜன்னலில் கத்தி மர ஸ்கேலின் விளிம்பைச் செதுக்கியது. செதுக்கிய பள்ளத்தில் ஏறியது. அங்கிருந்து நேராக, ஸ்கேலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் இடது கட்டை விரல் மேல் வந்தது.

வலி உடனே தெரியவில்லை. விரல் நுனியில் தோல் டப்பா மூடி மாதிரி திறந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். பிறகுதான் ரத்தம் வந்தது. தாராளமாக வந்தது. கையிலிருந்த கட்டர் நழுவியது. கீழே விழும் கத்தியைப் பிடிக்க வலது கை தானாகப் போனது. நல்லவேளை, எட்டவில்லை.

விரலில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு தெருமுனை டாக்டரிடம் ஓடினேன். கம்பவுண்டர் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், தேங்கா ஒடச்சீங்களா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் எல்லாக் காயத்துக்கும் சாமிதான் முதல் சந்தேக நபர்.

"ஆமா" என்றேன். அட்டை வெட்டினேன் என்று சொல்ல மனம் வரவில்லை.

"எந்தக் கோயில்ல?"

"வீட்லதான்."

"வேண்டுதல் ஜாஸ்தியா இருக்கும் போல" என்றபடி ஊசியை எடுத்தார். இரண்டு தையல், ஒரு டி.டி. ஊசி. ஒரு வாரம் தண்ணீர் படக் கூடாது.

சாயங்காலம் வந்த மனைவி முதலில் விரலைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள், பிறகு மர ஸ்கேலை எடுத்து விளிம்பில் விரலை ஓட்டினாள்.

"மரத்த வெச்சா வெட்டுனீங்க?"

"ஸ்கேல்னா ஸ்கேல்தானே?"

"பிளேடுக்கு மரமும் ஒண்ணுதான், வெரலும் ஒண்ணுதாங்க. ரெண்டையும் வெட்டும்."

அடுத்து நான் கோடு போட்டிருந்த பட்டையை எடுத்தாள். தன் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டடி ஸ்டீல் ஸ்கேலை அதன் மேல் வைத்தாள்.

"நாலு பத்து எவ்ளோங்க?"

"நாப்பது."

"இங்க நாப்பது புள்ளி நாலு இருக்கே."

"அட்டை விரிஞ்சிருக்கும்" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். விஷயம் இதுதான். மர ஸ்கேலின் கோடுகள் தேய்ந்து மங்கியிருந்தன. அதோடு, ஒவ்வொரு பத்துக்கும் ஸ்கேலைத் தூக்கித் தூக்கி வைத்து அளந்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு மில்லிமீட்டர் ஏமாந்திருக்கிறேன். ஸ்கேலை அசைக்காமல் ஒரே இடத்தில் வைத்து பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று புள்ளி வைத்தால் தப்பு சேராது. இதை நான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நடத்துகிறேன்.

மறுநாள் அவள் அச்சகத்திலிருந்து வெட்டும்போது அடியில் விரிக்கிற ஒரு பச்சை கட்டிங் மேட்டை இரவல் வாங்கி வந்தாள். அச்சகத்து முதலாளி சென்னையில் வாங்கியது. கத்தி பட்ட கோடு கொஞ்ச நேரத்தில் தானாக மூடிக்கொள்ளும். நுனியும் மழுங்காது. ஸ்டீல் ஸ்கேலின் அடியில் வழுக்காமலிருக்க ஒரு மெல்லிய ரப்பர் பட்டை ஒட்டியிருந்தாள். கட்டரின் மழுங்கிய நுனியைக் குறடால் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, 'டக்'கென்று ஒடித்தாள். ஒடிந்த துண்டைப் பழைய ஃபிலிம் டப்பாவில் போட்டு மூடினாள்.

"குப்பையில போட்டா குப்பைக்காரம்மா கைய கிழிச்சிக்கும்" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை.

ஒரு வாரம் எனக்கு ரப்பரால் பென்சில் கோடு அழிக்கும் வேலை. புது அட்டையில் முதல் பட்டையை அவள் வெட்டுவதை உட்கார்ந்து பார்த்தேன். பிளேடில் ஒடிப்பதற்கென்று கோடு போட்ட கட்டங்களில் ஒன்றே ஒன்றுதான் வெளியே இருந்தது. முதல் இழுப்பில் அட்டையின் மேல்தோலில் லேசாக ஒரு கோடு மட்டும் விழும். அதே கோட்டில் இரண்டாவது இழுப்பு, மூன்றாவது இழுப்பு. அழுத்தவே மாட்டாள். ஜன்னலின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் தொடங்கிக் கோட்டின் நடுவரைதான் வருவாள். பிறகு எதிர் மூலையிலிருந்து வந்து அதைச் சந்திப்பாள். அதனால் மூலையைத் தாண்டிக் கோடு ஓடாது. கோணம் மாறும்போது கையை முறுக்காமல் அட்டையைத் திருப்பினாள். ஜன்னல் எல்லாம் முடிந்த பிறகுதான் வெளிவிளிம்பு. முதலிலேயே விளிம்பை வெட்டிவிட்டால் பிடித்துக்கொள்ள இடம் கம்மியாகிவிடும் என்றாள். மடிக்கிற கோட்டுக்குக் கத்தியே இல்லை, மை தீர்ந்த பேனா. நானாக இருந்தால் கத்தியால் கீறி, பக்கத்தைத் தனியாகக் கழற்றி எடுத்திருப்பேன்.

தையல் பிரித்த அன்று, "ரெண்டாவது பட்டை என்னுது" என்றேன்.

"வெரலும் உங்களுதுதான்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

இடது கை விரல்களைப் பரப்பி, விளிம்பிலிருந்து ஓர் அங்குலமாவது உள்ளே தள்ளி ஸ்கேலை அழுத்தினேன். கத்தி வலது கையில், கிட்டத்தட்ட எடையே இல்லாமல். ஒன்று. இரண்டு. மூன்று. அட்டையைத் தூக்கியதும் டைமண்ட் துண்டு தானாகக் கழன்று மேட்டில் விழுந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பத்து வருஷம் கிரிவலம் போயும் அப்படிச் சிலிர்த்ததில்லை.

ஐந்து ஜன்னலில் நான் நிபுணனாகி, அன்று ராத்திரி அவளுக்கே பாடம் நடத்தினேன். மறுநாள் ஆசிரியர் அறையில் கத்தி பிடிப்பதைப் பற்றி இரண்டு பீரியட் பேசினேன். கேட்டவர்கள் யாரும் அட்டை வெட்டுகிறவர்கள் இல்லை, அதனால் எதிர்ப்பு வரவில்லை. அன்று சாயங்காலம் எட்டாவது ஜன்னலில் ஸ்கேலை ஜன்னல் ஓட்டையின் பக்கம் வைத்துவிட்டேன். கத்தி வழுக்கி, நல்ல அட்டையில் இரண்டு அங்குலத்துக்குக் கோடு கிழித்தது.

மனைவி அழைக்காமலே வந்து நின்றாள்.

"ஸ்கேல் எப்பவும் நமக்கு வேணும்ன்ற பக்கத்து மேல இருக்கணுங்க. அப்பதான் வழுக்குனாலும் குப்பையில வழுக்கும்."

"மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"நேத்து நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க."

கிழிந்த இடத்தில் உள்பக்கமாகத் தாள் ஒட்டிச் சமாளித்தோம். மீதி நான்கு ஜன்னலை வாயை மூடிக்கொண்டு வெட்டினேன். சிவப்பும் மஞ்சளுமாகக் காற்றாடித் தாளை உள்ளே ஒட்டினோம். இரண்டு பட்டையையும் சேர்த்தபோது எட்டு மூலையும் வட்டோடு மில்லிமீட்டர் பிசகாமல் உட்கார்ந்தன. அகல் வைத்தால் கூண்டே எரிந்துவிடும் என்பதால் ஜீரோ வாட் பல்பு.

தீபத்தன்று பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். மச்சானும் அவர் மனைவியும் வெகுதூரம் நடந்து, கசங்கிப்போய் வந்து சேர்ந்தார்கள். மச்சான் குளித்துப் புது பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மாடிக்கு வந்தார். ஆறு மணிக்கு உச்சியில் ஜோதி தெரிந்தது. ஊரே "அரோகரா" என்றது. அதே நொடியில் நான் சுவிட்சைப் போட்டேன். கூண்டு ஒளிர்ந்தது. ஜன்னல் வழியாகச் சிவப்பும் மஞ்சளுமாகச் சுவரில் டைமண்டுகள் விழுந்தன. அத்தனை பேரும் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இருபத்துநாலு ஜன்னலையும் பார்த்தது நான் ஒருவன்தான். அண்ணாமலையாரோடு போட்டி போட்டால் இப்படித்தான் ஆகும்.

கொஞ்சம் பொறுத்து மச்சான் தற்செயலாகத் திரும்பினார்.

"அட, இது எங்க வாங்கினீங்க மாப்ள?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "வாங்கலண்ணா. அவருதான் வெட்டுனாரு."

பாதி வெட்டியது அவள் என்பதை அவள் சொல்லவில்லை. எனக்கு நெஞ்சு விரிந்தது. உடனே கூச்சமாகவும் இருந்தது. "ரெண்டு பேருந்தான்" என்று முணுமுணுத்தேன். மச்சான் கூண்டுக்கு நேர் கீழே வந்து நின்று, மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, "மிஷின்ல வெட்டுன மாதிரியே இருக்கே" என்றார்.

அப்போதுதான் தூறல் பிடித்தது. நான் பதறிப்போய்ப் பல்பின் பிளக்கைப் பிடுங்கினேன். அவரோ பாராட்டிலிருந்து வெளியே வராமல் அங்கேயே அண்ணாந்து நின்றார். காற்றாடித் தாளின் சாயம் முதலில் சொட்டுச் சொட்டாக இறங்கியது, பிறகு கோடாக. கீழே வந்து வெளிச்சத்தில் பார்த்தபோது சட்டைத் தோளிலிருந்து பட்டு வேட்டியின் முழங்கால் வரை சிவப்பும் மஞ்சளும். மச்சானின் மனைவி அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுவும் நீங்களே செஞ்சதாண்ணா?" என்று என்னைக் கேட்டார்.