சுவரோரம் ஓடிய பந்தயம்

தம்பி பிரான்சுக்குப் போன பிறகு, முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் கார் பந்தயம்தான். ஓட்டுபவன் அவன், படம் பிடிப்பவள் நான், பார்ப்பவர் அப்பா. அம்மா மட்டும் சேரமாட்டார். "ஊருல இல்லாத புள்ளய பொம்மைக் காருல தேடுறீங்களா" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவார்.

அது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. தம்பி இங்கே இருந்த வரை நானும் அவனும் கீபோர்டுக்காக அடித்துக்கொள்வோம். அங்கே போய் அவனும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி அதே விளையாட்டைப் போட்டுக்கொண்டான். ஜெயித்த பந்தயங்களை எனக்கு மெயிலில் அனுப்புவான். வீடியோவாக அனுப்பியிருந்தால் எங்கள் டெலிபோன் இன்டர்நெட்டில் அது வந்து சேர்வதற்குள் அவன் லீவுக்கே வந்திருப்பான். அவன் அனுப்பியது ரீப்ளே கோப்பு. அதில் படமே கிடையாது. எப்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினான், எப்போது ஆக்சிலேட்டரை அழுத்தினான், எங்கே பிரேக் போட்டான் என்ற விவரம் மட்டும் இருக்கும். என் கம்ப்யூட்டரில் இருக்கும் விளையாட்டு அதைப் படித்து, பந்தயத்தை முதலிலிருந்து மறுபடி ஓட்டிக் காட்டும். அதனால் துளியூண்டு கோப்பு, நொடியில் இறங்கிவிடும்.

மறுபடி ஓடுவதால் விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் எந்தக் கேமராவில் வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கேதான் என் ராஜ்ஜியம். டி.வி.யில் வருவதுபோல ரோட்டோரக் கேமராவில் ஒரு தடவை ஓடவிட்டுப் பதிவு செய்வேன். பின்னால் துரத்தும் கேமராவில் ஒரு தடவை, சக்கரத்துக்குப் பக்கத்தில் தாழ்வாக வைத்து ஒரு தடவை. பிறகு மூன்றையும் வெட்டி ஒட்டுவேன். வேகம், சுற்று, இடம் என்று திரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் எண்களையெல்லாம் முதலிலேயே அணைத்துவிடுவேன். மவுஸ் அம்பு ஓரத்தில் எட்டிப் பார்த்தாலும் அந்தப் பதிவைத் தூக்கிப் போட்டுவிடுவேன். இந்த விஷயத்தில் எனக்கு ஈவு இரக்கமே கிடையாது. காலாப்பட்டில் இருக்கும் என் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பஸ்ஸில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, பந்தயப் பாதையில் பாலத்தை ஒட்டி வரும் திருப்பத்துக்கு எந்தக் கேமரா பொருந்தும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

ரீப்ளேயை நிறுத்தி போட்டோ மோடுக்குப் போனால் கேமராவை நம் இஷ்டத்துக்கு நகர்த்தலாம். ஒருமுறை காரைப் பளிச்சென்று நிறுத்தி, பின்னணி மட்டும் இழுபட்டு ஓடுகிற மாதிரி ஒரு படம் எடுத்து, தெருமுனை ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டேன். அப்பா அதைச் சாமி படத்துக்குக் கீழே மாட்டினார். வீட்டுக்கு வந்தவர்களிடம், "பையன் ஓட்டுறான்" என்பார். எந்த ஊரில் ரேஸ் என்று கேட்டவர்களும் உண்டு. அப்பா சிரித்துக்கொள்வாரே தவிர விளக்கம் சொல்லமாட்டார்.

அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். தம்பியும் அப்பா வழியில் வந்த பிரெஞ்சுக் குடியுரிமையில்தான் போனான், ஒரு கிடங்கில் வேலை. வாரம் ஒருமுறை போன் பண்ணுவான். அப்பா நின்றுகொண்டே பேசுவார். எப்படி இருக்க, நல்லாருக்கேன், சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அவ்வளவுதான். போனை வைத்ததும் அப்பா முகம் தொங்கிப்போகும். "நானும் பட்டாளத்துல இருந்து நல்லாருக்கேன்னுதாம்மா எழுதுவேன். எல்லா லெட்டர்லயும்" என்றார் ஒருமுறை. பிள்ளை அங்கே உண்மையில் எப்படி இருக்கிறான் என்பது தெரியாமல் அவர் உள்ளுக்குள் மருகிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் கோப்புகள் வந்து குவிந்தன. வாரத்துக்கு ஒன்று வந்தது போய் தினமும் வர ஆரம்பித்தது. எனக்கு ஒரே கொண்டாட்டம். அப்பாதான், "வேலைக்குப் போறவனுக்கு இதுக்கு ஏது இவ்ளோ நேரம்?" என்றார். நான் காதில் வாங்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு. அப்பாவுக்குப் பிடித்த பாதையில், அந்தப் பாலம் இருக்கிற பாதையில், ஜெயித்துவிட்டதாகத் தம்பி எழுதியிருந்தான். அப்பா நாற்காலியை என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். எண்களை அணைத்தேன். சக்கரத்துக் கேமராவை வைத்து ஓடவிட்டேன்.

முதல் திருப்பம் சரியாகப் போயிற்று. இரண்டாவதில் கார் அகலமாக வழுக்கி, நேரே போய்ச் சுவரில் மோதி நின்றது. மற்ற கார்கள் எல்லாம் கடந்து போய்விட்டன. ஆனால் தம்பியின் கார் ஓய்வதாக இல்லை. சுவரை முட்டிக்கொண்டே உறுமியது, கியர் மாற்றியது. முன்சக்கரம் இடதும் வலதுமாகத் திரும்பிக்கொண்டே இருந்தது.

எனக்குக் காரணம் உடனே பிடிபட்டது. அவன் விளையாட்டின் புதிய பதிப்பைப் போட்டிருக்கிறான், என்னிடம் இருப்பது பழையது. புதியதில் டயரின் பிடிமானத்தை மாற்றியிருக்கிறார்கள். அவன் கை அங்கே செய்த அதே வேலைக்கு, இங்கே என் கார் வழுக்கிவிட்டது. வழி தவறியது அவனுடைய கோப்புக்குத் தெரியாது. அது பாட்டுக்கு அடுத்த திருப்பத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும்.

"இது கெட்டுப்போச்சுப்பா, நிறுத்திடறேன்" என்று சொல்லி அப்பாவுக்குக் காரணத்தையும் விளக்கினேன்.

"அப்போ கையி அவனோடதுதானே?" என்றார்.

"ஆமாம்ப்பா. கை அவனோடதுதான்."

"அப்ப இருக்கட்டும். விடு."

எரிச்சலாக இருந்தது. ஒரு பைசாவுக்கு உதவாத ரீப்ளே, வெட்டி ஒட்டக்கூட முடியாது. எழுந்து போகலாம் என்று பார்த்தேன். அப்போது அப்பா மெல்லச் சொன்னார், "இப்போ பாலத்துக்கிட்ட வந்துட்டான்."

சக்கரத்தைப் பார்த்தேன். வலது பக்கம் ஒடித்து, உடனே இடது பக்கம். பாலத்துத் திருப்பமேதான். அந்தப் பாதையை நான் போட்டுப் போட்டுக் காட்டியதில் அப்பாவுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. "இது நேர் ரோடு, அமுக்குறான் பாரு" என்றார். சக்கரம் அசையாமல் நிற்க, எஞ்சின் ஏறி ஏறி இரைந்தது. "இப்போ கடைசி வளைவு." சக்கரம் நிதானமாக வளைந்தது. சுவரோடு நின்ற காரில், தம்பி எங்கே போய்க்கொண்டிருக்கிறான் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது. எத்தனையாவது சுற்று என்று காட்டத் திரையில் ஒன்றும் இல்லை. அப்பாதான் எண்ணிக்கொண்டு வந்தார். ஆக்சிலேட்டர் அடங்கியதும், "முடிச்சிட்டான்" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

அந்தக் கோப்பை நான் அழிக்கவில்லை. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே தம்பியின் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். ஸ்பீக்கரைப் போட்டு, "உன் ரேஸ் இங்க செவுத்துல முட்டிக்கிட்டு நிக்கிது. வெர்ஷன் மாத்துனா சொல்லித் தொலைக்க மாட்டியா?" என்று கடிந்துகொண்டேன். சிரித்தான். "ஐயோ அக்கா, மறந்துட்டேன். புதுசை சிடில போட்டு யார்கிட்டயாவது குடுத்து வுடறேன்."

"அப்பா அதையே பூராவும் பாத்தாருடா."

"செவுத்துல நின்னதையா?" என்று சிரிப்பு மாறாமல் கேட்டான். "அதை எதுக்குப்பா பூராவும் பாத்தீங்க?"

அப்பா போனுக்குப் பக்கத்தில் வந்தார். "நீ ஓட்டிக்கிட்டு இருந்தியேடா" என்றார்.

லைன் போய்விட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன்.

"அப்பா" என்றான் தம்பி. குரல் வேறாக இருந்தது. "வேலை போயிடுச்சிப்பா. ரொம்ப நாளாச்சி. ரூமை வுட்டு வெளிய போறதே இல்ல. காலைல எழுந்தா இதைத்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

அடுக்களையிலிருந்து அம்மா ஈரக் கையோடு வந்து நின்றார். அப்பாவிடம் அவனுக்குத் திட்டு விழும் என்று நினைத்தேன். அப்பாவோ, கம்ப்யூட்டருக்கு முன்னால் கிடந்த நாற்காலியைப் போன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி" என்றார். "மொதல்லேருந்து சொல்லு."