மாவுக்கு மூன்று ரூபாய்

திருத்துறைப்பூண்டியில் இட்லி மாவு விற்கும் செந்தாமரை முதலில் சீறுவாள், அப்புறம்தான் யோசிப்பாள். வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு விலையேற்ற அறிவிப்பை எழுதி, அனுப்புமுன் கணவர் சாமிதுரையிடம் வாசித்துக் காட்டினாள்: “அரிசியும் உளுந்தும் விலை ஏறிவிட்டதால்...”

“அரிசிய எடுத்துடு. அது ஏறவே இல்லையே. நம்மகிட்ட வாங்குறவங்க பாதிப் பேரு நெல்லு போடுறவங்க. எங்க நெல்லுக்கு மட்டும் ஏன் ஏறலன்னு கேப்பாங்க” என்றார் அவர்.

“விலை ஏத்துனா எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க!” என்று சீறினாள். பிறகு அழித்துவிட்டு, வேறு எழுதி அனுப்பினாள்.

“அன்பானவர்களே, மழையில் பயிர் கெட்டு, உளுந்து கிலோவுக்கு முப்பது ரூபாய் ஏறிவிட்டது. உளுந்தைக் குறைத்து அரைக்க மனம் வரவில்லை. அதனால் திங்கள் முதல் ஒரு கிலோ மாவு நாற்பதிலிருந்து நாற்பத்து மூன்று ரூபாய் ஆகிறது. உளுந்து இறங்கினால் மாவும் இறங்கும்.”

திங்கள் காலை முதல் ஆளாக வந்தார் நெல் விவசாயி பக்கிரி. “நல்லவேளை, அரிசி ஏறிடுச்சுன்னு எழுதல. எழுதியிருந்தா சண்டைக்கே வந்திருப்பேன்” என்றார்.

கல்லாவில் இருந்த கணவர் பக்கம் செந்தாமரை திரும்பவே இல்லை.

“அப்படியெல்லாம் யாருண்ணே எழுதுவாங்க?” என்றாள்.