திரை இருண்ட வெள்ளிக்கிழமை

கலேவெல கடைத்தெருவில் ஜுனைதீன் முதலாளியின் துணிக்கடைக்குக் கேமரா வந்தபோது, அதிகம் சந்தோஷப்பட்டவள் அங்கே விற்பனைக்கு நின்ற புஷ்பவதிதான். அதுவரைக்கும் கணக்கில் ஒரு சாரம், ஒரு லுங்கி குறைந்தால் கண்கள் எல்லாம் முதலில் அவள் பக்கம்தான் திரும்பின. இரத்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து வேலைக்கு வந்தவள், தமிழச்சி, அதுவும் யுத்தம் உச்சத்தில் இருந்த வருஷம். வேறென்ன வேண்டும்?

கல்லா மேசையில் கம்ப்யூட்டர் இருந்தது. மூன்று கேமராக்களின் படமும் அதன் திரையில் தெரியும், அதிலேயே பதிவும் ஆகும். கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் படம் மறைந்து, வண்ணக் குழாய்கள் திரையில் ஓடத் தொடங்கும். துணி அளக்கும் கோலை நீட்டி மவுஸை ஒரு தட்டுத் தட்டினால் கடை திரும்ப வந்துவிடும். ஒரு நாளைக்கு எத்தனை தட்டு என்பது அவளுக்கே தெரியாது.

அந்தக் கூத்தைச் சகிக்காமல், வியாழக்கிழமை யாகூப் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். அவன் முதலாளியின் மச்சான். கடையில் எல்லாம் தெரிந்தவன் என்று பெயர். ஸ்க்ரீன் சேவர் என்ற இடத்தில் இருந்ததை எடுத்துவிட்டு எழுந்தான்.

"இனி நாள் முழுக்க முழிச்சிக்கிட்டு இரிக்கும். நீங்க கோல எடுக்கத் தேவல்ல."

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை. ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, புஷ்பவதி பின்னறையில் சோற்றுப் பொதியைப் பிரித்தாள். தொழுகைக்குக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் சந்தைப் பையைத் தெரிந்த கடையில் கொடுத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்வார்கள். அன்றைக்கு அவள் காதில் எந்த வார்த்தையும் விழவில்லை.

தொழுகை முடிந்து முதலாளி ஷட்டரைத் தூக்கினார். முதலில் நுழைந்த பெண்தான் கத்தினாள். சாரத் தட்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பை. சொந்தக்காரர் இல்லாத பை என்றால் அந்த நாட்களில் தெருவே காலியாகிவிடும். காலியானது. பொலிஸ் வந்தது, ஆமிக்காரர் ஒருவர் வந்து நீளக் கம்பியால் பையைத் திறந்தார். உள்ளே டோர்ச் பற்றரிகள், ஒரு சுருள் வயர். வெடிமருந்து இல்லை.

ஆனாலும் பொலிஸ் சார்ஜனின் முகம் இளகவில்லை. கடையில் தனியாக இருந்தது யார் என்று கேட்டார். புஷ்பவதி அடையாள அட்டையை நீட்டினாள். தோட்டத்தின் பெயரைப் படித்தவர், அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். அது கன்னங்கரேலென்று கிடந்தது.

"இதை அணைத்தது யார்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

யாகூப் முந்திக்கொண்டான். "நேத்துத்தான் சரி செஞ்சேன், மஹத்தயா. அது தானா அணையாது."

பாவி! அவன் அவளைக் காட்டிக்கொடுக்க நினைத்தானோ, தன் பேரைக் காப்பாற்ற நினைத்தானோ, சொன்னது சொன்னதுதான். புஷ்பவதியின் லயத்தில் இப்படி ஜீப்பில் ஏறிய ஒருத்தனின் அம்மா இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டு இருக்கிறாள். சார்ஜன் வெளியே ஜீப்பைக் காட்டினார்.

அப்போதுதான் மேசைக்கு அடியிலிருந்து கம்ப்யூட்டர் பெட்டியின் விசிறி இரைச்சல் அவளுக்குக் கேட்டது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. திரையின் மூலையில் மட்டும் மஞ்சள் விளக்கு. கோலை எடுக்கக் கை பரபரத்தது. தொட்டால் பதிவை அழித்துவிட்டாள் என்பார்களே! கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"யாகூப் அண்ணே, சாமி சத்தியமா நான் தொடல. அந்த மவுஸ ஒருக்கா ஆட்டுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவன் ஆட்டினான். கடை திரும்பி வந்தது. அதில் சார்ஜனும் தெரிந்தார், கையைப் பின்னால் கட்டிய புஷ்பவதியும் தெரிந்தாள்.

ஸ்க்ரீன் சேவரை எடுத்த அதே ஜன்னலில் 'பவர்' என்ற பொத்தான் ஒன்று இருந்திருக்கிறது. யாகூப் அதை அழுத்திப் பார்க்கவில்லை. இருபது நிமிஷம் யாரும் தொடாவிட்டால் திரையை அணை என்று அதற்குள் இருந்தது. கடையில் ஆள் இருந்தவரை யாராவது மவுஸைத் தொட்டுக்கொண்டே இருந்ததால் அது வெளியே தெரியவில்லை. கம்ப்யூட்டரைத் தூங்க வைக்கும் இடத்தில் 'ஒருபோதும் வேண்டாம்' என்று இருந்ததால் பிழைத்தாள். இருண்டது திரை மட்டும்தான். பதிவு நிற்கவே இல்லை.

பின்னோக்கி ஓட்டினார்கள். தொப்பி போட்ட ஒரு வயசாளி ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்து, அங்குமிங்கும் பார்த்துவிட்டு, பையைத் தட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடினார். தொழுகைக்குப் பிந்திவிட்ட அவசரம்.

"அல்லாஹ்! இது நாலந்தா ஊர் மீராசாஹிப் காக்கா!" என்றார் முதலாளி. "காட்டுப் பண்டி வெரட்ட வேலிக்கு வயர் இழுக்கிறவர்."

மீராசாஹிப் தெருவுக்கு அந்தப் பக்கம், கூட்டத்துக்குள்ளேயே நின்றிருந்தார். கூட்டி வந்ததும் அவர் புஷ்பவதியின் முன்னால்தான் வந்து நின்றார். "பொலிஸக் கண்டதும் வாயே தெறக்க ஏலாமப் போச்சு, மகள்."

வாயைத் திறந்திருந்தால் அவள் இவ்வளவு செத்திருக்க வேண்டாம். ஆனால் அவரைத் திட்டவும் அவளால் முடியவில்லை. அந்தப் பயம் எது என்று அவளுக்குத் தெரியாதா?

ஜீப் போனது. யாகூப் தலையைக் குனிந்துகொண்டு, திரை அணையும் நேரத்தையும் 'ஒருபோதும் வேண்டாம்' என்று மாற்றினான். அன்று பின்நேரம் புஷ்பவதி முதலாளியின் முன்னால் போய் நின்றாள். வேலையை விடப்போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார்.

"மொதலாளி, பின்னறைக்கும் ஒரு கேமரா போடுங்க."

"அங்க என்ன இரிக்கி, களவெடுக்க?"

"நான்தான் இருக்கேன்," என்றாள். "நான் சோறு திங்கிறதும் அதுல விழட்டும்."