கேப்டனைத் தேடியவர்கள்

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் கேப்டன் என்றுதான் சொல்வோம்; நேரில் எனக்கு அவர் மாமா. அவர் கப்பலும் ஓட்டியதில்லை, கிரிக்கெட் மட்டையும் பிடித்ததில்லை. தண்ணீர் பம்ப் செய்யும் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் கொள்முதல் பார்த்தவர். முதலாளியின் மகன் எங்கோ போய்ப் படித்துவிட்டு வந்து, ஒரே நாளில் எல்லோருடைய பதவிப் பெயரையும் மாற்றினான். கணக்குப் பார்ப்பவர் 'நம்பர் நண்பர்' ஆனார். பர்ச்சேஸில் அசிஸ்டண்ட் மேனேஜராக இருந்த மாமா 'ஃப்ளோ கேப்டன்' ஆனார். சிரிக்காமல் கையெழுத்துப் போட்டு அந்தக் கடிதத்தை வாங்கி வந்தார். நாங்கள்தான் சிரித்தோம்.

ஆறு வருடம் கழித்துத் தொழிற்சாலை கைமாறியது. வாங்கியவர்களுக்குச் சொந்தமாகவே கொள்முதல் பிரிவு இருந்தது. கேப்டனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது.

நான் ஆள் எடுத்துக் கொடுக்கும் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கம்பெனிகள் ஆள் கேட்கும், நான் வேலைவாய்ப்பு இணையதளத்தில் தேடிப் பட்டியல் அனுப்புவேன். வீட்டிலேயே இப்படி ஒருத்தி இருந்தும் மாமா எட்டு மாதம் என்னிடம் வாய் திறக்கவில்லை. மச்சினியிடம் கேட்பதா என்ற வீம்பு. கடைசியில் ஒரு ஹோட்டல்காரன்தான் என்னை உள்ளே இழுத்துவிட்டான்.

"சார், கேப்டன் போஸ்டுக்குப் பேசறோம். ஒரே நேரத்துல எத்தனை டேபிள் பாப்பீங்க?" என்று போனில் கேட்டிருக்கிறான். மாமா அதற்கும் மரியாதையாக, "நான் சாப்பாடு பரிமாறினதில்லைங்க" என்று பதில் சொல்லியிருக்கிறார். அக்கா அதைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டேன்.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து அந்தத் தளத்தில் அவருடைய பக்கத்தைப் பார்த்தேன். பெயருக்குக் கீழே உள்ள தலைப்பு வரியில் 'ஃப்ளோ கேப்டன், நல்ல வாய்ப்பைத் தேடுகிறேன்' என்று இருந்தது. அறிமுகப் பகுதியில் 'கடின உழைப்பாளி, நேர்மையானவர், குழுவோடு இணைந்து செயல்படுபவர்.' எனக்கு ஆத்திரம் வந்தது. உலகத்தில் எவன்தான் தன்னைச் சோம்பேறி என்று எழுதிக்கொள்கிறான்? அந்த வாரம் தேடலில் அவர் தென்பட்டது மூன்றே முறை என்று தளம் காட்டியது.

"மாமா, நாங்க யாரும் இதை உக்காந்து படிக்கிறதில்ல. தேடற பெட்டியில வார்த்தையை அடிப்போம். பர்ச்சேஸ்னு அடிப்போம், காஸ்டிங்னு அடிப்போம். 'நல்ல வாய்ப்பு'ன்னு எவனாவது அடிப்பானா?"

"ஆர்டர்ல ஃப்ளோ கேப்டன்னுதானேம்மா போட்டிருக்கு. நாளைக்கு யாராவது கேட்டா பொய்யாயிடாதா?"

"அதுக்கு முன்னாடி லெட்டர்ல என்ன?"

"அசிஸ்டண்ட் மேனேஜர், பர்ச்சேஸ்."

"வேலை மாறிச்சா?"

"பேருதான் மாறிச்சு."

"அப்ப எது பொய்?"

அரை மணி நேரம் மல்லுக்கட்டி ஒரு சமாதானத்துக்கு வந்தோம். பதவிப் பெட்டியில் 'அசிஸ்டண்ட் மேனேஜர், பர்ச்சேஸ்'. கம்பெனி வைத்த பெயர் அதன் கீழே விவரத்தில் ஒரு வரி. தலைப்பில் பதவியோடு, காஸ்டிங் எனப்படும் இரும்பு வார்ப்பு, காப்பர் ஒயர், பேரிங் கொள்முதல், வெண்டர் டெவலப்மெண்ட், பம்ப் உற்பத்தி. திறன்கள் பட்டியலிலும் அதே சொற்கள்.

அறிமுகம்தான் பெரும்பாடு. முதல் இரண்டு மூன்று வரிதான் வெளியே தெரியும், மீதியைப் பார்க்க ஒருவர் அழுத்த வேண்டும், அதனால் சாதித்ததை முதலில் சொல்லுங்கள் என்றேன். "நான் என்னம்மா சாதிச்சேன், பொருள் வாங்கிப் போட்டேன்" என்றார். கல்லில் நார் உரிப்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருந்தது. காபியை ஆறவிட்டுவிட்டுத் திடீரென்று சொன்னார்.

"நான் சேந்தப்ப காஸ்டிங் வர ஒம்பது வாரம் ஆகும். ஃபவுண்டரிக்குப் போய் உக்காந்து, நம்ம மோல்டு வரிசையில எத்தனாவதா நிக்குதுன்னு பாத்து, அஞ்சு வாரமாக்கினேன். அப்புறம் பொருள் வராம ஒரு நாள்கூட உற்பத்தி லைன் நிக்கல."

"இதை ஏன் மாமா எழுதல?"

"இதெல்லாம் எழுதுவாங்களா?"

அதையே முதல் வரியாக எழுதினேன். அவர் அதை மூன்று தடவை படித்தார். தன்னைப் பற்றி யாரோ நல்லதாகச் சொன்னதைக் கேட்டவர்போல முகம் மலர்ந்திருந்தது. அன்று நிம்மதியாகத்தான் வீடு திரும்பினேன்.

இரண்டு வாரத்தில் மூன்று என்பது ஐம்பத்தெட்டு ஆனது. மாமா எனக்குப் போன் போட்டு எண்ணைச் சொன்னார், மகன் மார்க்கைச் சொல்வதுபோல. அழைப்புகளும் வந்தன. ஆனால் எல்லா அழைப்பும் ஒரே கேள்வியில் போய் முட்டிக்கொண்டது.

"மொத்த அனுபவம் எத்தனை வருஷம் சார்?"

"இருபத்திரண்டு."

"சரி சார், சொல்லி அனுப்பறோம்."

நான்காவது அழைப்புக்குப் பிறகு அவரே வந்து கேட்டார். கேப்டன் என்ற சொல்லுக்காக அரை மணி நேரம் என்னோடு மல்லுக்கு நின்ற மனிதர், தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "பழைய வருஷத்தைக் கொஞ்சம் எடுத்துடலாமாம்மா?"

பழைய வேலையைப் போடாமல் விடுவது பொய்யில்லை, நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்றேன். முதல் நான்கு வருடத்து வேலையை நீக்கினோம். மீதி பதினெட்டும் ஒரே இடம். ஒரே கம்பெனியில் நிலைத்து நின்றதை எந்த இடத்தில் வெட்டுவது? அதை அப்படியே விட்டுவிட்டு மடிக்கணினியை மூடினேன்.

மறுவாரம் என் மேசைக்கு ஒரு வேலை வந்தது. பம்ப் கம்பெனி. கொள்முதல் ஆள் வேண்டும், காஸ்டிங் தெரிய வேண்டும், ஆறு முதல் பன்னிரண்டு வருட அனுபவம். மாமாவுக்குச் சொல்லிக் கொடுத்த அதே சொற்களை அடித்தேன். இருநூற்றுப் பதினொரு பேர் வந்தார்கள். நான்காவதாக மாமா நின்றார், என் வரியோடு. பிறகு வருடப் பெட்டியில் அதிகபட்சம் பன்னிரண்டு என்று போட்டேன். எழுபது பேர் மிஞ்சினார்கள், மாமா இல்லை. எடுத்தேன், வந்தார். போட்டேன், போனார்.

கம்பெனியின் பணியாளர் அதிகாரிக்குப் போன் செய்தேன். "பதினெட்டு வருஷம் இதே வேலை பாத்த ஒருத்தர் இருக்காருங்க. காஸ்டிங் டைமைப் பாதியாக் குறைச்சவர்."

பாதி என்பது கொஞ்சம் மிகை. அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

"நல்லாத்தான் இருக்கும். ஆனா இங்க மேனேஜருக்கே முப்பத்தி நாலு வயசு. சரிப்படாதுங்க. பன்னிரண்டுக்குள்ளயே குடுங்க."

பன்னிரண்டுக்குள்ளேயே கொடுத்தேன். பட்டியலை அனுப்பிவிட்டுக் கழிப்பறையில் போய் நின்றேன். ஊரெல்லாம் உறவு, ஒரு வாய்ச் சோறில்லை என்பார்கள். நான் அந்த ஊர்க்காரிகூட இல்லை, சொந்தக்காரி.

திங்கட்கிழமை மாமா கூப்பிட்டார். யார் தேடினார்கள் என்று பெயர் சொல்லாவிட்டாலும், தேடியவர்கள் எந்த நிறுவனத்தில் வேலை செய்கிறார்கள் என்று வாரம் ஒரு முறை அந்தத் தளம் காட்டும். அதை நானே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"இந்த வாரம் அறுபத்தி நாலு. உங்க ஆபீஸ் பேரு இருக்கும்மா. நீதானே தேடின?"

ஆமாம் என்றேன். பின்னால் அக்கா ஏதோ பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் சத்தம் கேட்டது.

"எத்தனாவதா வந்தேன்?"

"நாலாவது மாமா."

"நாலாவதா!" என்றார். வேலை போன பிறகு அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அக்காவிடம் திரும்பிச் சொல்வதும் கேட்டது. "இருநூறு பேர் இருப்பாங்க, அதுல நாலாவது."

பட்டியலில் அவர் பெயர் போயிருந்தால் நானே முதலில் கூப்பிட்டிருப்பேன் என்பது பிறகு அவருக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டு, "உங்க அக்காகிட்ட நாலாவதுன்னே இருக்கட்டும்" என்றார்.