முப்பத்து மூன்றாவது பாரிலிருந்து முப்பத்தாறு வரை

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வால்டருக்கு ஒரு விஷயத்தில் கை நடுங்கும் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். இருபது டன் கன்டெய்னரைக் கப்பலிலிருந்து தூக்கி லாரிமேல் அலுங்காமல் வைக்கிற மனுஷன் அவர். அதே மனுஷனை ராயபுரத்து மாதா கோயிலில் கீபோர்டு முன்னால் உட்கார வையுங்கள், காணிக்கைப் பாட்டின் நடுவில் நாலே நாலு பாரில், அதாவது நாலு தாளக் கட்டத்தில், விரல்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும். முப்பத்து மூன்றாவது பாரிலிருந்து முப்பத்தாறு வரை. பாடுகிறவர்கள் வாயை மூடிக்கொள்ள, கீபோர்டு மட்டும் தனியாகப் பேசுகிற இடம். போன வருடத் திருவிழாவில் அங்கேதான் கவிழ்ந்தார்.

பாடகர் குழுத் தலைவி வியாகுலம்மாள் இந்த வருடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"வால்டரு, இந்த தபா சொதப்புனா அப்பால பாட்ட ஏத்துன பென் டிரைவ்தான் வாசிக்கும். நீ கீழ பெஞ்சில குந்திகினு கேளு."

வாரம் முழுக்க கிரேன் கூண்டில் தனியாகக் கிடக்கிற வால்டருக்கு ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்டூல்தான் எல்லாம். அது போனால் அப்புறம் என்ன இருக்கிறது?

வீட்டில் சாதகம் ஆரம்பித்தது. வியாகுலம்மாள் கொடுத்த மிடி ஃபைலை, அதாவது கீபோர்டு தானாகவே வாசித்துக் காட்டும் பாட்டுக் கோப்பை, ஓடவிட்டுக் கூடவே வாசிப்பார். தப்பு வந்தால் முதலிலிருந்து. மறுபடி தப்பு, மறுபடி முதலிலிருந்து. தண்டையார்பேட்டை குடோன் ஒன்றில் கணக்கு பார்க்கும் மனைவி ஜானட்டுக்குப் பொறுக்கவில்லை. அவளும் அதே குழுவில் பாடுகிறவள்தான், அதற்காகக் காதை எழுதியா கொடுத்திருக்கிறாள்?

"யோவ், வராத எடம் நாலு பாரு. அதுக்கு இன்னாத்துக்கு முப்பத்திரண்டு பாரு வாசிச்சிகினு வர்ற?" என்று லேப்டாப்பைத் திறந்தாள். முன்னாலிருந்ததை வெட்டினாள், பின்னாலிருந்ததை வெட்டினாள், மிச்சத்தைப் பென் டிரைவில் போட்டு, முடிந்ததும் தானாகத் திரும்ப ஆரம்பிக்கும்படி கீபோர்டில் வைத்தும் கொடுத்தாள்.

"இன்னா ஜானு, வயலின் சத்தம் போயி பியானோ மாரி கீது?"

"சத்தம் எதுவானா இன்னா? சுரம் அதேதான். வாசி."

வாசித்தார். வாசித்தார் என்றா சொல்வது, துரத்தினார்! அந்த நாலு பார் பேய் பிடித்தது போல ஓடியது. பாட்டோடு சேர்ந்து வரும்போது தெரியவில்லை, தனியாக எடுத்தால்தான் எவ்வளவு வேகம் என்று தெரிகிறது போலும் என அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். திருவிழா நெருங்கியது. விரல் வலி கண்டதே தவிர அந்த வேகம் பிடிபடவில்லை.

"வுடு ஜானு. எனக்கு வயசாயிடுச்சி. வியாகுலக்காகிட்ட நானே சொல்லிடறேன்" என்றார்.

ஜானட் விடவில்லை. முழுப்பாட்டையும் ஒருமுறை ஓடவிட்டாள். முப்பத்து மூன்றாவது பார் வந்தது. நிதானமாக, சவாரிக்கு அவசரமில்லாத ரிக்‌ஷா மாதிரி வந்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ, நான் ஒரு கூமுட்ட! வேகம் இன்னா, எந்த வாத்தியம், எல்லாம் பாட்டோட தலையிலதான்யா எழுதிகீது. நான் தலைய வெட்டிட்டேன். வேகம் சொல்லலன்னா மிடி ஃபைல் தானா நிமிசத்துக்கு நூத்தியிருபது தட்டுல ஓடும். உம் பாட்டு எம்பத்துநாலு!"

வேகத்தை மறுபடி எழுதிச் சேர்த்தாள். அந்த நாலு பார் இப்போது வால்டருக்குக் கொட்டாவி விடுகிற சுலபம். ஆசை தீர அதையே சுற்றிச் சுற்றி வாசித்தார். இருவரும் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை.

திருவிழாப் பூசை. காணிக்கைப் பாட்டு. முப்பத்து மூன்று, முப்பத்து நாலு, முப்பத்தைந்து, முப்பத்தாறு. ஒரு பிசிறில்லை! முப்பத்தேழில் குழுவைப் பாடவைக்க வியாகுலம்மாள் கையைத் தூக்கினார். வால்டரின் விரல்களோ பழகின பழக்கத்தில் முப்பத்து மூன்றுக்கே திரும்பிவிட்டன.

தூக்கின கை தூக்கினபடி நின்றது. குழு மொத்தமும் வாயைத் திறந்துகொண்டு நின்றது. வால்டருக்கு என்ன நடக்கிறதென்று தெரிகிறது, நிறுத்தத்தான் தெரியவில்லை. முப்பத்தாறு மறுபடி முடியப் போகிறது, மூன்றாவது சுற்றும் கிளம்பிவிடும். அப்போது ஜானட், தலைவியின் கைக்குக் காத்திராமல், தொண்டை கிழியப் பாட ஆரம்பித்தாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வால்டர் முப்பத்தேழில் வந்து விழுந்தார்.

பூசை முடிந்ததும் வியாகுலம்மாள் நேரே அவரிடம் வந்தார். வால்டர் தானாகவே ஸ்டூலைவிட்டு எழுந்தார்.

"குந்து" என்றார் வியாகுலம்மாள். "பூசை வெச்ச சாமியாரு இன்னா சொன்னாரு தெரியுமா? அந்த எடம் ரெண்டு தபா வந்ததுல, கண்ண மூடி ஜெபம் பண்ண நேரம் கெடச்சுதாம். அடுத்த வருசமும் ரெண்டு தபாவே வாசி." அவருக்குப் பதிலாக வாசிக்க வைத்திருந்த பென் டிரைவைக் கைப்பையிலிருந்து எடுத்து வால்டரின் சட்டைப்பையில் போட்டார். "இத நீயே வெச்சிக்க. எனக்கு வோணாம்."

வீடு திரும்பும்போது ஜானட் சொன்னாள்: "தப்பு எம்மேல. பின்னால முப்பத்தேழாவது பாரையும் சேத்து வெட்டிருக்கணும். அடுத்த தபா அஞ்சா வெட்டித் தர்றேன்."

"ஐய, வோணாம் ஜானு, நாலே இருக்கட்டும்" என்றார் வால்டர். "அஞ்சாவதுக்குத்தான் நீ கீறியே."